ஓடாவி சொன்ன நாளுக்குத் தரவில்லை: பொறுப்பதா, பிரிப்பதா, ஆள் விட்டுப் பேசுவதா, கடைசித் திகதி கொடுப்பதா?

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சின்னதாக கெஸ்ட் ஹவுஸ் வைத்திருப்பவர்கள் பெப்ரவரி, மார்ச் வந்தாலே ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். நான் இங்கே சிறிய கட்டட வேலைகளுக்குக் கணக்கும் மேற்பார்வையும் பார்க்கிறவன் என்பதால் அது என்னிடம் வந்து சேரும். "ஓடாவி நல்ல மனுசன், கைவேலையும் சுத்தம், ஆனால் சொன்ன நாளுக்கு ஒருநாளும் தரமாட்டார். கோபமாகக் கதைத்தால் சாமானைப் போட்டுவிட்டுப் போய்விடுவார் என்று பயம், கதைக்காமல் விட்டால் சீசனே போய்விடும். என்ன சொல்வது?"

கேட்கிறவர்கள் எல்லோரும் என்ன வார்த்தை சொல்வது என்றுதான் யோசிக்கிறார்கள். வார்த்தைக்கு முன்னால் வேறு சில விஷயங்களைப் பார்க்க வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் நான்கு வழிகளில் எது உங்களுக்கு என்று தெரியும். ஒரு உதாரணத்தை வைத்தே போவோம், இல்லாவிட்டால் இந்த விஷயம் வெறும் புத்திமதியாகிவிடும்.

நான்கு அறை உள்ள ஒரு கெஸ்ட் ஹவுஸ். ஓடாவியிடம் ஜனவரியில் கொடுத்த வேலை: நான்கு கட்டில், ஒன்று 65,000 ரூபா; ஆறு யன்னல், நிலையும் கதவும் சேர்த்து ஒன்று 30,000; இரண்டு கதவு, ஒன்று 40,000. மொத்தம் 520,000. பாதி, அதாவது 260,000, அட்வான்ஸாகக் கொடுத்தாயிற்று. முதல் திகதி மார்ச் 10. அது மார்ச் 25 ஆனது. இன்று மார்ச் 26, கேட்டால் "புது வருசத்துக்குள்ள தாறன்" என்கிறார். ஏப்ரல் 24ஆம் திகதி முதல் விருந்தினர் வருகிறார்கள், நான்கு அறையும் புக்கிங்.

## எதை வைத்து ஒப்பிடுவது

திகதி உண்மையில் எத்தனை? வீட்டுக்காரர் "ஏப்ரல் 24க்குள் எல்லாம் வேண்டும்" என்று நினைக்கிறார், ஆனால் அது ஒரு திகதி இல்லை. யன்னல் நிலையை மேசன் சுவரில் வைத்துப் பூசி, அது காய்ந்து, பெயின்ட் அடித்து முடிக்க இரண்டு கிழமையாவது போகும். எனவே நிலை ஏப்ரல் 5க்குள் வந்தாக வேண்டும். யன்னல் கதவுகள் ஏப்ரல் 15 வரைக்கும் தாங்கும். கட்டில் ஏப்ரல் 20இல் வந்தால்கூடப் போதும், பொலிஷ் வாசனை போக இரண்டு மூன்று நாள் இருந்தால் சரி. எல்லாவற்றுக்கும் ஒரே திகதி சொன்னால் ஓடாவி தனக்கு எது வசதியோ அதை முதலில் செய்வார், பெரும்பாலும் அது கட்டிலாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது பட்டறையிலேயே முடிகிற வேலை.

ஏன் தவறுகிறார்? இதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. தவறுகிற ஓடாவிகளில் நான் கண்டவரை இரண்டு வகை. ஒருவருக்கு நேரம் இல்லை, சீசனுக்கு முன்னால் ஐந்து பேரின் வேலையை ஒப்புக்கொண்டிருப்பார். இன்னொருவருக்குக் காசு இல்லை. நீங்கள் கொடுத்த அட்வான்ஸில் உங்களுக்கு முன்னால் கொடுத்தவரின் மரத்தை வாங்கியிருப்பார், உங்கள் மரத்தை வாங்க அடுத்து வருகிறவரின் அட்வான்ஸுக்காகக் காத்திருக்கிறார். இது களவு இல்லை, கையில் முதல் இல்லாத தொழிலில் எப்போதும் நடக்கிற சுழற்சி, ஆனால் அதில் கடைசியில் நிற்பவர் நீங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? போனில் கேட்காதீர்கள். பட்டறைக்குப் போய், "எங்கட மரம் எதண்ணா? ஒருக்கா பாத்துட்டுப் போறன்" என்று சாதாரணமாகக் கேளுங்கள். மரம் இருந்தால் கை காட்டுவார். அளவுக்கு அறுத்து அடுக்கியிருந்தால் அவருக்கு இல்லாதது நேரம். "மரக்காலையில சொல்லி வச்சிருக்கு", "பெர்மிட்டுக்குப் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று பதில் வந்தால் அநேகமாகக் காசு. பெர்மிட் என்பது உண்மையான காரணமாகவும் இருக்கலாம், வெளியூரிலிருந்து மரம் ஏற்றிவர வனத் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படுகிற மரங்கள் இருக்கின்றன. ஆனால் உண்மையாக விண்ணப்பித்திருந்தால் அதற்கு ஒரு கடதாசி இருக்கும், காட்டச் சொல்வதில் தப்பில்லை. கரன்ட் இல்லை என்ற காரணமும் அப்படித்தான். 2022இல் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் போனபோது சீவுளி மெஷினை நம்பியிருந்தவர்கள் எல்லோரும் தவறினார்கள், அதை யாரும் குறை சொல்ல முடியாது. இப்போது அந்தக் காரணம் வந்தால் நானும் பக்கத்துக் கடையில் ஒரு தேநீர் குடித்துவிட்டு விசாரித்துப் பார்ப்பேன்.

கையில் என்ன பிடி இருக்கிறது? கொடுக்காமல் மிச்சம் வைத்திருக்கிற காசு ஒன்று, வேறு ஆளிடம் போக முடியுமா என்பது மற்றது. கட்டில் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும், நாளைக்கே லொறியில் ஏற்றலாம். யன்னல் உங்கள் சுவரின் அளவு, அதை யாரும் செய்து வைத்திருக்க மாட்டார்கள்.

பிறகும் அவர் வேண்டுமா? நவம்பரில் மாரி தொடங்கினால் புதுக் கதவு ஊதிப்போய் நிலையில் சிக்கும், அதைச் சீவிவிட ஓடாவிதான் வரவேண்டும். இன்னொருவர் செய்த கதவைச் சீவ மற்ற ஓடாவிகள் விரும்ப மாட்டார்கள், வந்தாலும் "இதை ஆர் செய்தது?" என்று தொடங்கி முழுக் கதவையும் மாற்றச் சொல்லுவார்கள். அதுபோக இது சின்ன ஊர். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவிலோ மீன் சந்தையிலோ அவரைப் பார்க்காமல் இருக்க முடியாது.

## வழி ஒன்று: பொறுத்து, நினைவூட்டிக்கொண்டே இருப்பது

பெரும்பாலானோர் செய்வது இதுதான். மூன்று நாளைக்கு ஒருமுறை போன், இடையில் ஒரு வட்ஸ்அப் வொய்ஸ், "அண்ணா மறந்துடாதீங்க".

இது நல்ல வழியாக இருக்கிற இடம் ஒன்று உண்டு. முதல் தடவையாகத் தவறியிருக்கிறார், மரம் பட்டறையில் இருக்கிறது, காரணமும் தெரிகிறது (வீட்டில் யாருக்கோ சுகமில்லை, நோன்பு மாதம் என்பதால் கையாட்கள் பாதி நேரம்தான் வேலை), திகதி கட்டில் மாதிரி நெகிழ்வான திகதி. அப்படியானால் பொறுங்கள், வேறு எதுவும் செய்ய வேண்டாம். சொல்லப்போனால் நோன்பு விஷயம் முதலிலேயே நாட்காட்டியில் பார்த்திருக்க வேண்டியது. இப்போதைய வருடங்களில் அது பெப்ரவரி, மார்ச் பக்கம்தான் வருகிறது, கிண்ணியா, மூதூர் ஆட்கள் வேலை செய்கிற பட்டறையில் அந்த மாதத்தை முழு மாதமாகக் கணக்குப் போட்டது நம் தவறு. சித்திரைப் புது வருசமும் அப்படியே. ஏப்ரல் 10க்குப் பிறகு ஒரு கிழமைக்குக் கையாட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஆகவே "புது வருசத்துக்குள்ள" என்று யாராவது சொன்னால் அதை ஏப்ரல் 9 என்று காதில் வாங்குங்கள்.

இதன் மறைவான செலவு என்ன என்றால், செலவே இல்லாதது போலத் தெரிவதுதான். ஒவ்வொரு போனிலும் அவர் ஒரு புதுத் திகதி சொல்கிறார், நீங்கள் "சரி" என்கிறீர்கள். அந்த "சரி"தான் பிரச்சினை. மூன்று "சரி"க்குப் பிறகு உங்கள் திகதி நகரக்கூடியது என்று அவருக்குப் பழகிவிடும், நகராத ஆளின் வேலையை எடுத்து முதலில் முடிப்பார், அதில் அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை, நானும் அதைத்தான் செய்வேன். நம் உதாரணத்தில் திகதி ஏற்கெனவே இரண்டு தரம் போயிருக்கிறது. எனவே இந்த வழி முடிந்துவிட்டது.

## வழி இரண்டு: வேலையையும் காசையும் துண்டுபோடுவது

என்னைக் கேட்டால் பாதிப் பிரச்சினைக்கு மேல் இதிலேயே தீர்ந்துவிடும். ஏப்ரல் 24 என்ற ஒரு பெரிய திகதியை விட்டுவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடிய சின்னத் திகதிகளாக மாற்றுவது, ஒவ்வொன்றுக்கும் மிச்சக் காசில் ஒரு பங்கை வைப்பது.

நம் உதாரணத்தில் மிச்சம் 260,000. ஏப்ரல் 2இல் பட்டறைக்குப் போய்ப் பார்ப்பது: ஆறு நிலையும் துளை போட்டு இணைத்து நிற்கவேண்டும், காசு இல்லை, பார்வை மட்டும். ஏப்ரல் 5இல் நிலைகள் வீட்டுக்கு வரவேண்டும், வந்தவுடன் 60,000. யன்னல் கதவுகளும் இரண்டு கதவும் 15ஆம் திகதிக்குள், அதற்கு 80,000. நடுவில் புது வருசம் இருப்பதால் இந்தத் திகதியில்தான் எனக்குப் பயம், கையாட்கள் போவதற்கு முன் ஏப்ரல் 9இல் எவ்வளவு முடிந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவேண்டும். கட்டில்கள் 20ஆம் திகதிக்குள், 100,000. கடைசி 20,000ஐ மாரி வரைக்கும் வைத்திருப்பது, அதை இப்போதே சொல்லிவிடுவது.

இதை எப்படிச் சொல்வது? குற்றம் சொல்வதாக இல்லாமல் ஏற்பாடாகச் சொல்லவேண்டும்:

> "அண்ணா, மேசன் ஆறாம் திகதி நிலை வைக்க வாறார், அதால அஞ்சாம் திகதிக்குள்ள ஆறு நிலையும் எனக்குக் கட்டாயம் வேணும். மத்தது ஆறுதலா வரட்டும். நிலை வந்த அண்டைக்கே அறுபதாயிரம் கையில தாறன். ரெண்டாம் திகதி காலமை வந்து ஒருக்கா பாக்கிறன்."

இதில் மார்ச் 10 பற்றியோ 25 பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. வேண்டுமென்றேதான். பழையதைத் தூக்கினால் அவர் காரணம் சொல்லத் தொடங்குவார், நீங்கள் பதில் சொல்லுவீர்கள், அரை மணி நேரம் போனபின் ஏப்ரல் 5 பற்றி யாரும் பேசியிருக்கமாட்டீர்கள். "மத்தது ஆறுதலா வரட்டும்" என்ற இடத்தைக் கவனியுங்கள், அவர்மேல் இருக்கிற பாரத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத்தான் ஒன்றைக் கட்டாயம் என்கிறோம். எல்லாமே கட்டாயம் என்றால் எதுவுமே கட்டாயம் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

மரமே இல்லாத வகை ஓடாவியாக இருந்தால் இந்த வழியில் ஒரு மாற்றம் வேண்டும். அவர் கையில் இன்னும் காசு கொடுக்காதீர்கள், அது மறுபடியும் வேறொருவரின் மரமாக மாறும். அவரையும் கூட்டிக்கொண்டு மரக்காலைக்குப் போய், அவர் தெரிவு செய்கிற மரத்துக்கு நீங்களே காசைக் கட்டி, பில்லை உங்கள் பெயரில் எடுத்து, பட்டறையில் இறக்குங்கள். அந்தத் தொகை மிச்சத்தில் கழியும் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இது நிம்மதிதான், வெட்கமாக இருந்தாலும்.

செலவு என்று பார்த்தால் முதலாவது உங்கள் நேரம். சொன்ன நாளில் நீங்கள் போகாவிட்டால் சின்னத் திகதியும் பெரிய திகதி மாதிரியே செத்துப்போகும், ஏப்ரல் 2 காலையில் போவதென்றால் போகவேண்டும். காசும் அன்றைக்கே கையில் இருக்கவேண்டும், "நாளைக்கு பாங்க்ல போடுறன்" என்றால் தவறியது நீங்கள்.

இரண்டாவது செலவு கொஞ்சம் ஆழமானது. நெருக்கினால் பச்சை மரம் வரும். காற்றில் காயவைக்கிற மரத்துக்கு ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. அறுத்து நாளாகாத பலகையில் ஏப்ரலில் செய்த யன்னல், கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் சுருங்கி மூலையில் வாய் பிளக்கும், சில சமயம் கதவு முறுகி மூடாமலே போகும். ஏப்ரல் 2 பார்வையில் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சீவிய தூளைக் கையில் அள்ளிப் பிடித்தால் கட்டியாகச் சேர்கிறதா, பலகை அதன் அளவுக்கு மீறிக் கனக்கிறதா, வெட்டுமுகத்தில் கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கிறதா. இருந்தால், திகதியைக் காப்பாற்றிய யன்னலை ஆறு மாதத்தில் மாற்றவேண்டி வரலாம். அந்த நிலைமையில் ஒரு கிழமை பிந்துவதற்கு நீங்களே ஒப்புக்கொள்வது மலிவு.

## வழி மூன்று: நடுவில் ஒருவரை விட்டுப் பேசுவது

அவரை உங்களுக்கு அறிமுகம் செய்த மேசன், அல்லது அவர் கடனுக்கு மரம் எடுக்கிற மரக்காலைக்காரர். போனை எடுக்காமல் விடத் தொடங்கிய ஓடாவிக்கு இதைவிட நல்ல வழி இல்லை, போன் எடுக்காதவர் பெரும்பாலும் வெட்கப்படுகிறார், நேரடியாக நீங்கள் போனால் பின்பக்கத்தால் போய்விடுவார். மரக்காலைக்காரரிடம் கடன் இருக்கிறது என்பதால் அவர் பேச்சுக்கு மதிப்பும் இருக்கும்.

ஆனால் நடுவர் உங்கள் வார்த்தையைத் தன் வார்த்தையாக மாற்றித்தான் சொல்வார். "அஞ்சாம் திகதிக்குள்ள நிலை வேணும்" என்பது அங்கே போய்ச் சேரும்போது "அவை சரியான கோவத்தில நிக்கினம்" என்று ஆகியிருக்கும். எனவே அவரிடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேளுங்கள்: "என்னோட ஒருக்கா கதைக்கச் சொல்லுங்கோ". திகதியையும் காசையும் நீங்களே பேசுங்கள். இன்னொன்று, ஓடாவி போனை ஒழுங்காக எடுக்கிறவராக இருக்கும்போது நடுவில் ஆள் விட்டால் அவருக்கு அது அவமானம், "என்னட்ட சொல்லாம ஊருக்கெல்லாம் சொல்லிட்டாங்க" என்று கதை வேறு பக்கம் போய்விடும்.

## வழி நான்கு: எழுத்தில் கடைசித் திகதி

இதற்கு உண்மையான பலம் உண்டு, ஆனால் ஒரு நிபந்தனை. அந்தத் திகதி தவறினால் என்ன செய்வீர்கள் என்று எழுதுகிறீர்களோ, அதை மறுநாள் காலையில் செய்யத் தயாராக இருக்கவேண்டும். தயாரில்லை என்றால் எழுதவே வேண்டாம், ஏனென்றால் ஒருமுறை கடைசி என்று சொல்லி நகர்ந்துவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்கிற எந்தத் திகதிக்கும் பெறுமதி இல்லை.

நம் உதாரணத்தில் தயாராவது என்றால் அலுமினியக் கடைக்காரர் ஒருவரை வரச்சொல்லி ஆறு யன்னலின் அளவையும் எடுத்து, விலையும் எத்தனை நாளில் பொருத்துவார் என்பதும் முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுவது வேறு, வெறும் கோபத்தில் எழுதுவது வேறு. படிக்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியும். செய்தி இப்படி இருக்கலாம்:

> "அண்ணா, வணக்கம். ஜனவரியில் கதைத்தபடி நான்கு கட்டில், ஆறு யன்னல், இரண்டு கதவு, மொத்தம் 520,000 ரூபா. 260,000 தந்திருக்கிறேன். திகதி மார்ச் 10, பிறகு மார்ச் 25. ஆறு யன்னல் நிலையும் ஏப்ரல் 5 பின்னேரம் 5 மணிக்குள் வீட்டுக்கு வரவேண்டும். வராவிட்டால் 6ஆம் திகதி யன்னல்களை அலுமினியத்தில் கொடுத்துவிடுவேன், யன்னலுக்கான 180,000ஐ எங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம். மற்ற வேலை உங்களிடமே இருக்கும். இது உங்களுக்குச் சரிவராது என்றால் நாளைக்குள் சொல்லுங்கள், வேறு ஏற்பாடு கதைப்போம்."

"ஏன் இப்படிச் செய்கிறீர்கள்", "நம்பினேன்", "இனியும் பொறுக்க மாட்டேன்" எதுவும் இதில் இல்லை. அவர் என்ன செய்யவேண்டும், நான் என்ன செய்வேன், அவ்வளவுதான். கடைசி வரி முக்கியம், முடியாது என்று முன்கூட்டியே சொல்ல அவருக்கு ஒரு வாசல் திறந்துவிடுகிறது. பல ஓடாவிகள் முடியாது என்று தெரிந்தும் சொல்லாமல் இருப்பது, சொன்னால் சண்டை வரும் என்பதால்தான்.

வயதான ஓடாவிகள் வட்ஸ்அப் எழுத்தை வாசிக்க மாட்டார்கள், வொய்ஸ்தான் கேட்பார்கள். ஆகவே முதலில் நேரில் போய் இதையே வாயால் சொல்லிவிட்டு, "மறக்காம இருக்கட்டும் எண்டு எழுதியும் அனுப்புறன் அண்ணா" என்று அங்கேயே அனுப்புங்கள். கையாட்கள் நிற்கும்போது சொல்லாதீர்கள். அவர்கள் முன்னால் தலைகுனிந்த ஓடாவி உங்கள் யன்னலைத் திகதிக்குத் தந்தாலும் தருவார், ஆனால் மாரியில் கதவு சீவ வரமாட்டார்.

முழுதாக முறிந்துபோனால், இந்தச் செய்தியும் அட்வான்ஸ் கொடுத்த ரசீதும்தான் உங்கள் கையில் இருக்கிறவை. இந்த அளவான காசுப் பிணக்குகளை முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் கொண்டுபோவது வழக்கம், பெரும்பாலும் சனி ஞாயிறுகளில் பாடசாலைகளில் கூடுகிறார்கள், அங்கே உங்களுக்காகச் சட்டத்தரணி பேச முடியாது, நீங்களேதான் பேசவேண்டும். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம். எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட மூன்று வருடம், எழுத்தில் இருந்தால் ஆறு வருடம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் 260,000 ரூபாவுக்காக அங்கே போகிறவர் ஏப்ரல் 24க்கு யன்னல் எதிர்பார்த்துப் போகக்கூடாது, அது காசைத் திருப்பி எடுக்கிற வழி மட்டும்தான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | எப்போது நல்லது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|
| பொறுத்து நினைவூட்டுவது | முதல் தவறல், மரம் கண்ணால் பார்த்தது, நெகிழும் திகதி | ஒவ்வொரு "சரி"யும் அடுத்த திகதியை மலிவாக்கும் |
| துண்டுபோடுவது | இரண்டாம் தவறல், மிச்சக் காசு உங்கள் கையில் | நீங்கள் நேரில் போகவேண்டும்; நெருக்கினால் பச்சை மரம் |
| நடுவில் ஆள் | போன் எடுக்கவில்லை | வார்த்தை மாறும், நடுவருக்கு நன்றிக்கடன் |
| எழுத்தில் கடைசித் திகதி | வேறு ஆள் ரெடி, திகதி நகரவே நகராது | செய்யாவிட்டால் உங்கள் சொல் போய்விடும் |

## உதாரணத்துக்கு என்ன முடிவு

மார்ச் 27 காலையில் பட்டறைக்குப் போனால் நிலைக்கான மரம் அறுத்து அடுக்கியிருக்கிறது, கட்டிலுக்கு மரமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். இப்படி அரையும் குறையுமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இங்கே வீட்டுக்காரர்களுக்கு உடனே வருகிற யோசனை, நான்கு கட்டிலையும் அவரிடமிருந்து எடுத்துக் கடையில் வாங்கிவிடலாம், அவருக்கும் பாரம் குறையும் என்பது. கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கு கட்டில் 260,000. அதைக் கழித்தால் யன்னலும் கதவும் 260,000, அதுதான் நீங்கள் ஏற்கெனவே கொடுத்த அட்வான்ஸ். இனி அவருக்கு உங்களிடமிருந்து ஒரு சதமும் வரவேண்டியதில்லை. பட்டறையில் வேறு நான்கு பேர் காசோடு நிற்கும்போது, முழுக் காசும் வாங்கிவிட்ட வேலையை அவர் எப்போது தொடுவார்?

எனவே இரண்டு கட்டிலை மட்டும் எடுங்கள். மொத்தம் 390,000 ஆகும், மிச்சம் 130,000 உங்கள் கையில் இருக்கும், துண்டுகளை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிடலாம், நிலைக்கு 30,000, யன்னல் கதவுகளுக்கும் இரண்டு கதவுக்கும் 40,000, கட்டிலுக்கு 40,000 என்று. மாரிக்காக வைக்கிற 20,000ஐ மட்டும் குறைக்காதீர்கள். அவருக்கு இரண்டு கட்டிலின் மரம் தேட வேண்டியதில்லை. மற்ற இரண்டுக்கும் மரக்காலைக்கு நீங்களே கட்டுங்கள்.

இதை வாயால் வழி இரண்டாகச் சொல்லுங்கள், எழுத்தை இப்போதே அனுப்பவேண்டாம். அலுமினியக் கடைக்காரரை மட்டும் இந்தக் கிழமைக்குள் அளவெடுக்க வைத்துவிடுங்கள், அதை ஓடாவியிடம் சொல்லிக்காட்டத் தேவையில்லை. ஏப்ரல் 2 காலையில் ஆறில் நான்கு நிலையாவது இணைத்து நின்றால் அவர் 5ஆம் திகதிக்குத் தந்துவிடுவார், அன்றைக்குத் தேநீர் வாங்கிக்கொடுத்துவிட்டு வாருங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அங்கேயே, கையாட்களை விட்டுத் தள்ளிவந்து, வழி நான்கின் செய்தியை, இரண்டு கட்டில், மொத்தம் 390,000 என்று மாற்றி, சொல்லிவிட்டு அனுப்புங்கள். புதிதாக மூன்று நாள் கொடுக்கிறோம் என்று நினைக்காதீர்கள், அதே 5ஆம் திகதிதான்.

6ஆம் திகதி அலுமினியத்துக்குப் போகவேண்டி வந்தால் போய்விடுங்கள். அப்போது கணக்கில் யன்னல் 180,000 கழிந்து, இரண்டு கட்டிலும் இரண்டு கதவும் 210,000 மட்டும் மிஞ்சும், நீங்கள் கொடுத்திருப்பது 260,000, ஓடாவி 50,000 திருப்பித் தரவேண்டியவராகிறார். மரக்காலைக்குக் கட்டியது இருந்தால் அதையும் இதில் கூட்டிக்கொள்ளுங்கள். காசாகக் கேட்டால் அவரிடம் இருக்காது. அறுத்து வைத்த நிலை மரத்தை ஒரு விலை பேசி உங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம், அடுத்த வருடம் பின்பக்கத்தில் ஒரு அறை கட்டினால் உதவும், அதுவரைக்கும் அது கூரைக்குக் கீழே அடுக்கி வைத்துக் காயட்டும்.